‘நாள் கிட்ட வரட்டும், சொல்லிக்கலாம்’ என்பவர்களுக்கு

வேலை கெடுவுக்குள் முடியாது போலிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், பணம் போடுகிறவரிடம் அதை உடனே சொல்லக்கூடாது. முடியவே முடியாது என்று உறுதியான பிறகு சொன்னால் போதும். காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் தொழிலில் இதுதான் எழுதப்படாத சட்டம். கட்டுமானப் பொறியாளர், மேஸ்திரி, ஆசாரி, மின்வேலைக்காரர் என எல்லாரும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். பதினைந்து வருடம் நானும் இப்படித்தான் நடந்துகொண்டேன். இந்தக் கொள்கை தவறு என்று இப்போது எழுதுகிறேன்.

அவர்கள் தரப்பு வெறும் கோழைத்தனம் இல்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வேலையில் ஏற்ற இறக்கம் இயல்பு. இந்த வாரம் விட்டதை அடுத்த வாரம் பிடித்துவிடலாம், அதற்குள் சொல்லி வைத்தால் வீண் பதற்றம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார். அங்கிருந்தபடி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘தள்ளிப்போகலாம்’ என்ற சொல் வெளியே வந்துவிட்டால் வேலையாட்களின் வேகம் குறையும். கடைசியாக, பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு போகிறவனை யாரும் மதிப்பதில்லை. தீர்வோடு போகிறவனைத்தான் மதிப்பார்கள். நான்குமே அனுபவத்தில் பிறந்தவை. நான்குமே ஒரே இடத்தில் சறுக்குகின்றன. அந்த இடத்தைக் காட்ட ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும்.

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு வளவு வீடு. வீட்டுக்காரர் ஐயா சிங்கப்பூரில் இருக்கிறார். தை மாதக் கடைசியில் அவருக்கு மணிவிழா, அதை இந்த வீட்டு வளவில்தான் நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். சுவர்களில் பழைய சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து விழுந்துகொண்டிருந்தது. அதை உரித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டரைத்த சுண்ணாம்பால் அடிப்பூச்சு பூச வேண்டும். அது மூன்று வாரம் ஆறிய பிறகு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த நைசான மேல்பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல மெருகேற்ற வேண்டும். மொத்தம் 4,200 சதுர அடி. நாளைக்கு 120 சதுர அடி வீதம் 35 வேலை நாளில் அடிப்பூச்சு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஜூலை 15இல் தொடங்கினோம். ஆகஸ்ட் 22 கெடு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. பதினெட்டாவது வேலை நாள். அன்று சாயங்காலம் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தேன். முடிந்திருந்தது 1,512 சதுர அடி. நாளைக்கு 84. காரணம் சோம்பல் இல்லை. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. அங்கெல்லாம் செங்கல் இடுக்குகளில் இருந்த பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, உப்பைத் துடைத்து, புதிதாக அடைத்த பிறகுதான் பூச முடிந்தது. திட்டம் போட்டபோது பூச்சுக்குப் பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. இதே வேகத்தில் போனால் மீதி வேலைக்கு 32 நாள் வேண்டும். செப்டம்பர் 10. பத்தொன்பது நாள் பின்தங்கல்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சொன்னது: “தம்பி, ஐயாவுக்கு இப்பவே சொல்லாதீக. இன்னும் நாள் கிடக்கு. பாத்துக்கிருவோம்.”

இனி என் மறுப்புகள்.

1. பத்தொன்பது நாள் என்பது பத்தொன்பது நாள் இல்லை.

பாத்துக்கிருவோம் என்கிறவர் தாமதத்தை நாட்காட்டியில் கூட்டிப் பார்க்கிறார். செப்டம்பர் 10 ஆனால் என்ன, விழா தையில்தானே, நடுவில் ஐந்து மாதம் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த ஐந்து மாதத்துக்குள் ஐப்பசியும் கார்த்திகையும் உட்கார்ந்திருப்பது கணக்கில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். என் பழைய திட்டப்படி மெருகு வேலை அக்டோபர் 17இல் முடியும். மழைக்கு முன்னால் எனக்கிருந்த இடைவெளியே மூன்று நாள்தான். பத்தொன்பது நாள் தள்ளினால் மெருகின் கடைசிப் பதினாறு நாள் மழைக்குள் போய் விழுகிறது.

சுண்ணாம்பு, சிமெண்ட் மாதிரி தண்ணீரில் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரிவளியை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதற்குச் சிறிது ஈரம் வேண்டும். ஆனால் சுவரின் நுண்துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை. மழைக்காலத்துச் சுவர் அப்படித்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். ஈரம் போகாத அடிப்பூச்சின் மேல் மெருகைப் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறத் தேடும், மெருகைத் தள்ளும், பொக்கை கிளப்பும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ‘டொக்’கென்று வெற்றொலி வரும். மழையில் இழந்த பதினாறு நாளை நவம்பரில் சேர்த்துக்கொள்ள முடியாது. அது தைக்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஆத்தங்குடிக் கற்களுக்கும் இதே கதிதான். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்கும் கல் அது. மழையில் பட்டறைகளே மெதுவாகத்தான் ஓடும்.

எவ்வளவு தாமதம் என்பதைவிட, அந்தத் தாமதம் எதில் போய் முட்டுகிறது என்பதே கேள்வி. அதைக் கேட்காதவரால் ‘சமாளித்துவிடலாம்’ என்று நேர்மையாகவே நம்ப முடியும். அந்த நேர்மைதான் ஆபத்து.

2. உறுதியாகத் தெரிவதற்குள் வழிகள் மூடிவிடும்.

இதுதான் நான் சொல்ல வந்ததன் நடுநரம்பு. ‘நிச்சயமானதும் சொல்கிறேன்’ என்பது பொறுப்பான பேச்சுபோல ஒலிக்கிறது. நிச்சயம் எப்போது வரும்? இந்த வீட்டில் செப்டம்பர் 10 வாக்கில். அன்று கையில் என்ன மிச்சமிருக்கும் என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 3இல் என்னிடம் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, அடிப்பூச்சுக்குக் கூடுதல் கொத்தனார்களை இறக்குவது. இரண்டு, விழா நடக்கும் முகப்பையும் வளவையும் முதலில் முடித்து, இரண்டாங்கட்டின் மெருகை மாசிக்குத் தள்ளுவது. மூன்று, விழாவை மண்டபத்துக்கு மாற்றுவது. நான்கு, மீதிச் சுவருக்குச் சிமெண்ட் பூசிவிடுவது. செப்டம்பர் 10இல் அடிப்பூச்சு முடிந்திருக்கும், ஆகவே முதல் வழி பொருளற்றது. மூன்று வாரம் ஆறவிட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்கும், ஆகவே இரண்டாவது வழியின் பாதிப் பயன் போய்விடும். தை முகூர்த்தங்களுக்கு மண்டபங்கள் முன்கூட்டியே பிடிபட்டுவிடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மிஞ்சுவது சிமெண்ட். நூறு வருடச் சுண்ணாம்புச் சுவருக்கு அதுதான் மிக மோசமான வழி. அது ஓதத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், உப்பு செங்கல்லைத் தின்னும். சிமெண்ட் பூசிய பழைய சுவர்கள் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது: யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேறு வழி இல்லாத நாளில் அது வந்து சேர்ந்தது.

சந்தேகம் இருக்கும்போது வழி இருக்கிறது. உறுதி வரும்போது வழி இல்லை. ஆகவே எப்போது சொல்வது என்பதற்கு என் அளவுகோல் இது: நல்ல வழிகளில் முதலில் மூடப்போவது எது, என்றைக்கு மூடும்? அந்த நாளுக்கு முன்னால் எனக்கு உறுதி வராது என்றால், சந்தேகத்தோடே சொல்லியாக வேண்டும். கூடுதல் கொத்தனார்களை இறக்குவதானால் ஆகஸ்ட் 12க்குள் அவர்கள் வேலையில் நிற்க வேண்டும். ஆகவே ஆகஸ்ட் 3க்கு மேல் காத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

பெரிய இடங்களிலும் இதுதான் நடக்கிறது. பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3இல் திறக்கப்பட இருந்தது. திறக்க முடியாது என்று மே 8இல்தான் அறிவித்தார்கள். இருபத்தாறு நாள் மிச்சம். தீ பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு தயாராகவில்லை. தானியங்கிக் கதவுகளுக்குப் பதிலாக ஆட்களை நிறுத்திச் சமாளிக்கலாம் என்றுகூட அதற்கு முன் யோசித்திருந்தார்கள். ‘பாத்துக்கிருவோம்’ ஜெர்மனியிலும் இருக்கிறது. அந்த நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31இல்.

3. தூரத்தில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாதா?

இந்த வாதத்தைச் செட்டிநாட்டில் நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்கு ஆறவில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் இவை. மூன்றாண்டுக் கணக்கில் போன ஏஜெண்டு அங்கிருந்து கணக்கும் கடிதமும் எழுத, ஊரில் பட்டாலையில் உட்கார்ந்திருந்த முதலாளி அதைப் பார்த்துப் பார்த்து முடிவு சொன்னார். கப்பலில் போகும் கடிதத்தை வைத்து அவர்கள் தொழிலை நடத்தினார்கள். இன்று கைபேசியை வைத்துக்கொண்டு ‘அவரால் என்ன செய்ய முடியும்’ என்கிறோம்.

செய்ய முடியும். அவரால் மட்டுமே செய்ய முடிந்தவை உண்டு. இரண்டாங்கட்டின் மெருகைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். வீடு பொது, இரண்டாங்கட்டில் அறை உள்ளவர்கள் வேறு புள்ளிகள். நான் போய்க் கேட்டால் அது வேலைக்காரனின் சாக்கு. ஐயா கேட்டால் அது குடும்பப் பேச்சு. கூடுதல் ஆட்களுக்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்றால் அது அவர் பணம். மண்டபத்துக்கு மாற்றலாமா என்பது அவர் மனம். அழைப்பிதழில் எந்த இடத்தின் பெயரை அச்சிடுவது என்பதும் அவர் முடிவு. ‘அவரால் முடியாது’ என்று நாம் சொல்வதன் உண்மையான அர்த்தம், அவருக்குப் பதிலாக நாமே முடிவெடுத்துவிட்டோம் என்பதுதான். சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவு. எந்த வழியும் வேண்டாம் என்று அவர் சார்பில் நாம் எடுக்கும் முடிவு.

4. வேலையாட்கள் மெத்தனமாகிவிடுவார்களா?

பின்தங்கலை முதலில் அறிந்தவர்களே அவர்கள்தான். ஓதச் சுவரைச் சுரண்டியவர்களுக்கு அது தெரியாதா? மேஸ்திரி என்னிடம் ‘சொல்லாதீக’ என்றாரே, அவருக்குத் தெரிந்திருந்ததால்தானே சொன்னார். தளத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. இதைக் கட்டுப்பாடு என்று அழைக்க முடியாது.

5. தீர்வோடுதான் போக வேண்டுமா?

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெறுங்கையோடு போய், “ஐயா, லேட்டாகும் போலத் தெரியுது” என்று மட்டும் சொல்வது தவறு. அது நம் பதற்றத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது. நான்கு வழிகளையும் அடுக்கிவிட்டு, “நீங்களே சொல்லுங்க” என்று கையைக் கட்டிக்கொள்வதும் தவறுதான். சுவரைத் தட்டிப் பார்த்தவன் நான். எது நல்லது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் ‘தீர்வு கிடைத்த பிறகே போவேன்’ என்பது வேறு. தீர்வு என் கையில் இல்லை. வழிகளைக் கண்டு, ஒன்றைப் பரிந்துரைப்பது என் வேலை. தேர்ந்தெடுப்பது அவர் வேலை. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் கடைசி வாரம் வரை தனியாகப் போராடிவிட்டு, பிறகு முடிந்துபோனதைத் தெரிவிக்கிறார்கள்.

இன்னொன்றையும் அன்று ராத்திரி கண்டுகொண்டேன். எழுத உட்கார்ந்தால்தான் வழியே தெரிகிறது. மேஸ்திரியோடு பேசியபோது எனக்குத் தோன்றியது கூடுதல் ஆட்கள் மட்டும்தான். ஐயாவுக்கு எழுத வேண்டுமே என்று சுவர்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். முகப்பும் வளவும் சேர்ந்து 2,600 சதுர அடி, இரண்டாங்கட்டு 1,600. முடிந்த 1,512ம் முகப்பிலும் வளவிலும்தான். அங்கே மீதி பதின்மூன்று நாள் வேலை. ஆகஸ்ட் 19இல் முடியும். அது ஆறும் மூன்று வாரத்தில் அதே ஆட்கள் இரண்டாங்கட்டின் அடிப்பூச்சை ஏறக்குறைய முடித்துவிடுவார்கள். செப்டம்பர் 9இல் வளவுக்குத் திரும்பி மெருகைத் தொடங்கினால் மாதக் கடைசியில் முடிந்துவிடும். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாக முடிப்பது என்று திட்டம் போட்டது நான்தான். அந்த வரிசைதான் பிழை என்பது இன்னொருவருக்கு விளக்க முயன்றபோதுதான் கண்ணில் பட்டது.

அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்:

“ஐயா, வணக்கம். அடிப்பூச்சு ஆகஸ்ட் 22இல் முடிவது சந்தேகம். இன்றுவரை 2,160 சதுர அடி முடிந்திருக்க வேண்டும், 1,512 முடிந்திருக்கிறது. காரணம் அடிச்சுவரில் ஓதம், படம் அனுப்பியிருக்கிறேன். இப்படியே போனால் செப்டம்பர் 10 ஆகும், மெருகு மழையில் மாட்டும். வழிகள்: (அ) கூடுதல் கொத்தனார்கள் எட்டுப் பேர், செலவு சுமார் ஒன்றரை லட்சம், அப்படியும் கடைசிச் சில நாள் மழைக்குள் போகும். (ஆ) முகப்பும் வளவும் முதலில், செப்டம்பர் 30க்குள் முழுதாக. இரண்டாங்கட்டுக்கு இப்போது வெள்ளையடிப்பு, மெருகு மாசியில். இரண்டாம் முறை சாரம் கட்ட நாற்பதாயிரம். (இ) விழா மண்டபத்தில். (ஈ) சிமெண்ட். இது வேண்டாம், சுவர் கெடும். என் யோசனை (ஆ). பங்காளிகளிடம் நீங்கள் பேச வேண்டும். ஆகஸ்ட் 10க்குள் முடிவு தெரிந்தால் (அ)வும் கையில் இருக்கும், அதற்குப் பிறகு இராது. அடுத்து 19ஆம் தேதி அளந்து சொல்கிறேன்.”

இதில் மன்னிப்பு இல்லை, சமாதானம் இல்லை. ‘முடியாது’ என்றும் இல்லை, ‘சந்தேகம்’ என்றுதான் இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து அந்தச் சந்தேகம் வந்தது என்று இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது ஒன்று, அதற்கு ஒரு நாள். திரும்ப எப்போது பேசுவேன் என்பதற்கும் ஒரு நாள்.

6. வீண் பதற்றம் என்ற கடைசிப் பயம்.

சொன்ன பிறகு வேலை கெடுவுக்குள் முடிந்துவிட்டால்? நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடாதா? அளவில்லாமல் சொன்னால் போகும். ஒரு நாள் மழைக்கும், ஒரு ஆள் வராததற்கும் செய்தி அனுப்புகிறவனை யாரும் படிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் மேலே சொன்ன அளவுகோல்: ஒரு வழி மூடப்போகிறதா, இல்லையா. மூடப்போகிறது என்று சொல்லி, பிறகு வேலை பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் இழந்தது ஒரு தொலைபேசிப் பேச்சு. சொல்லாமல் விட்டு வேலை நழுவினால் அவர் இழப்பது என்ன என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பு வேறொரு வீட்டில், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அழைப்பிதழ் போய்விட்டது, மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் விமானச் சீட்டு எடுத்துவிட்டார்கள். ஈரச் சுவரின் மேல் மெருகைப் போட்டு முடித்தோம். கல்யாணத்தன்று காலையில் முகப்புச் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் தூணோரம் சாய்ந்து எழுந்தபோது அவர் சட்டையின் முதுகில் வெள்ளையாக ஒரு கைப்பிடி அளவு சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்த வீட்டு ஆச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “ஆடியிலயே சொல்லியிருந்தா, ஆவணிக் கல்யாணத்த தைக்கு வச்சிருப்போமேப்பா” என்றார்.

அவர்களிடம் அப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.